கைபேசியில் பணம் கொடுக்கிறோம், நோட்டு ஏன் குறையவில்லை?

ஸ்வீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பாங்க் மக்களிடம் ஒரு எளிய கேள்வியைத் தொடர்ந்து கேட்டு வந்திருக்கிறது: "கடைசியாக ஒரு பொருள் வாங்கியபோது எப்படிப் பணம் கொடுத்தீர்கள்?" 2010-இல் 39 சதவீதம் பேர் ரொக்கம் என்றார்கள். 2018-இல் அது 13 சதவீதம், 2020-இல் 9. ரொக்கம் மறைந்துகொண்டிருக்கும் நாடு என்றால் எல்லோரும் முதலில் காட்டுவது ஸ்வீடனைத்தான்.

ஆனால் அதே நாட்டில் மக்கள் கையிலிருக்கும் நோட்டு, நாணயத்தின் மொத்த மதிப்பைப் பாருங்கள். 2007 இறுதியில் சுமார் 11,000 கோடி குரோனா இருந்தது. 2017 இறுதிக்குள் 6,000 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. அதுவரை சரி, எதிர்பார்த்தபடிதான் நடந்தது. அப்புறம்தான் விஷயம் திரும்புகிறது. 2018 முதல் அந்தச் சரிவு நின்றுவிட்டது. கடையில் ரொக்கம் கொடுப்பவர்கள் தொடர்ந்து குறைந்தார்கள், வெளியே இருக்கும் ரொக்கமோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது.

மற்ற இடங்களில் சரிவே இல்லை. இந்தியாவில் யுபிஐ 2016-இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. 2016 மார்ச்சில் புழக்கத்தில் இருந்த ரொக்கம் சுமார் 16 லட்சம் கோடி ரூபாய். 2016 நவம்பரில் மதிப்பளவில் 86 சதவீத நோட்டுகள் ஒரே இரவில் செல்லாததாக்கப்பட்டன. அப்படியும் 2024 மார்ச்சில் புழக்கத்தில் இருந்த ரொக்கம் சுமார் 35 லட்சம் கோடி. பொருளாதாரமும் வளர்ந்திருக்கிறது என்பதால் மொத்தத் தொகையை விட விகிதத்தைப் பார்ப்பதுதான் நியாயம். அப்படிப் பார்த்தாலும், நாட்டின் மொத்த உற்பத்தியில் ரொக்கத்தின் பங்கு 2015-16-இல் 12 சதவீதமாக இருந்து, 2020-21-இல் 14 சதவீதத்தைத் தாண்டி, அதன் பிறகுதான் பழைய நிலையை ஒட்டி இறங்கியது. மின்னணுப் பணம் பல மடங்கு பெருகிய காலத்தில் நடந்தது இது.

எனவே "மின்னணுப் பணம் வந்தால் ரொக்கம் போய்விடும், மத்திய வங்கியின் பிடி தளர்ந்துவிடும்" என்ற நேர்க்கோட்டுக் கதை ஒத்துவரவில்லை. எங்கே தவறுகிறது என்று பார்க்க, ரொக்கத்தை ஒரே பொருளாக எண்ணுவதை முதலில் விட வேண்டும்.

இரண்டு வேலை, ஒரே நோட்டு

நோட்டு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று கைமாறுவது. சம்பளம் வருகிறது, கொஞ்சம் எடுக்கிறோம், செலவழிக்கிறோம், கடைக்காரர் வங்கியில் கட்டுகிறார், அது மறுபடி ஏடிஎம்முக்கு வருகிறது. இதைப் புழங்கும் ரொக்கம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று சும்மா இருப்பது. அலமாரியிலோ பெட்டகத்திலோ மெத்தைக்கடியிலோ, சில நாணயங்களைப் பொறுத்தவரை கடல் தாண்டி வேறொரு நாட்டிலோ வருடக்கணக்கில் கிடக்கும். இதை உறங்கும் ரொக்கம் என்போம். கைபேசியும் அட்டையும் போட்டி போடுவது முதல் வகையோடு மட்டுமே.

உறங்கும் பங்கு எவ்வளவு பெரியது என்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். ஐரோப்பிய மத்திய வங்கியின் கணிப்புப்படி, வெளியே உள்ள யூரோ நோட்டுகளின் மதிப்பில் யூரோ நாடுகளுக்குள் வாங்கல் விற்றலுக்குப் பயன்படுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மீதி சேமிப்பாக உள்நாட்டில் கிடக்கிறது அல்லது யூரோ பகுதிக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்காவில் 2017 முதல் 1 டாலர் நோட்டுகளை விட 100 டாலர் நோட்டுகளே எண்ணிக்கையில் அதிகம். தினசரிச் செலவுக்கு யாரும் 100 டாலர் நோட்டாக நீட்டிக்கொண்டிருப்பதில்லை. பெரிய நோட்டு இத்தனை இருக்கிறது என்றாலே அது சேமிப்புக்காக இருக்கிறது என்று பொருள்.

நோட்டில் "நான் உறங்குகிறேன்" என்று எழுதியிருக்காதே, ஐந்தில் ஒரு பங்கு என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பல வழிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பருவகால முறை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆண்டில் ஒரு மாதம் விற்பனை உச்சத்துக்குப் போகிறது. அந்த மாதச் சில்லறை விற்பனை, சராசரி மாதத்தை விட 20 சதவீதம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ரொக்கமும் புழங்கும் ரொக்கமாக இருந்தால், வெளியே இருக்கும் ரொக்கமும் அந்த மாதம் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூட வேண்டும். உறங்கும் ரொக்கத்துக்குப் பண்டிகை தெரியாது; அது அசையாது. ஆக, மொத்த ரொக்கம் அந்த மாதம் 4 சதவீதம் மட்டும் கூடினால், அந்த 4 முழுவதும் புழங்கும் பகுதியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். 20 சதவீதம் வீங்கும் ஒரு பகுதி மொத்தத்தை 4 சதவீதம் உயர்த்துகிறது என்றால், அந்தப் பகுதி மொத்தத்தில் 4/20, அதாவது ஐந்தில் ஒன்று.

முறையின் குறையும் அதன் எளிமையில்தான் இருக்கிறது. உச்ச மாதத்துக் கூடுதல் விற்பனைக்கு மக்கள் கைபேசியில் கட்டினால், புழங்கும் ரொக்கத்தின் வீக்கமே 20-லிருந்து 10 ஆகிவிடும். அது தெரியாமல் 20 என்றே வகுத்தால், புழங்கும் பங்கை உண்மையை விடக் குறைத்துக் கணக்கிடுவோம். அதனால் ஆய்வாளர்கள் இதை மட்டும் நம்புவதில்லை. எந்த மதிப்புள்ள நோட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை மத்திய வங்கிக்குத் திரும்பி வருகிறது என்றும் பார்க்கிறார்கள். கைமாறும் நோட்டு அழுக்காகிச் சீக்கிரம் திரும்பும். உறங்கும் நோட்டு வருடங்கள் கழித்து, மடிப்புக் கலையாமல் வரும்.

புழங்கும் ரொக்கமும் நினைத்த அளவு குறையாது

புழங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரொக்கமாகச் செய்யும் செலவு நான்கில் ஒன்றாகச் சுருங்கினால், மக்கள் கையில் வைத்திருக்கும் ரொக்கமும் நான்கில் ஒன்றாகுமா? ஆகாது என்கிறது பணத் தேவைக் கோட்பாட்டின் மிகப் பழைய சூத்திரங்களில் ஒன்று. வில்லியம் பாமல் 1952-இலும் ஜேம்ஸ் டோபின் 1956-இலும் தனித்தனியாக எழுதியது:

`M = √(bY / 2i)`

இதில் M என்பது ஒருவர் சராசரியாகக் கையில் வைத்திருக்கும் ரொக்கம். Y அவர் ரொக்கமாகச் செய்யும் செலவு. b ஒவ்வொரு முறை பணம் எடுக்கப் போவதற்கான செலவு; நேரம், நடை, கட்டணம் எல்லாம் சேர்த்து. i என்பது பணத்தைக் கணக்கில் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டி. அடிக்கடி போய் எடுத்தால் அலைச்சல், ஒரேயடியாக எடுத்தால் வட்டி நட்டம். இரண்டுக்கும் நடுவில் தோதான இடத்தைத்தான் இந்தச் சூத்திரம் காட்டுகிறது.

வர்க்கமூலம் இருப்பதைக் கவனியுங்கள். Y நான்கில் ஒன்றானால் M பாதிதான் ஆகும். செலவு குறைந்தவர் கொஞ்சமாகவும் எடுப்பார், அதே நேரம் எடுக்கும் தடவைகளையும் குறைத்துக்கொள்வார். மாதம் நான்கு முறை ஏடிஎம்முக்குப் போனவர் இப்போது இரண்டு முறை போகிறார். கையில் நிற்கும் சராசரித் தொகை, செலவு குறைந்த வேகத்தில் குறைவதில்லை.

b-யின் கதை இன்னும் சுவையானது. கைபேசிப் பணம் வந்தால் ரொக்கம் எடுப்பது சுலபமாகிறதா, கடினமாகிறதா? முதலில் சுலபமாகிறது, ஏனென்றால் அவசரத்துக்குக் கைபேசி இருக்கிறது, கையில் நிறைய வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் காலப்போக்கில் ரொக்கம் எடுப்பவர்கள் குறைய, ஏடிஎம்கள் மூடப்படுகின்றன, கிளைகள் நோட்டுக் கொடுப்பதை நிறுத்துகின்றன. ஸ்வீடனில் பல வங்கிக் கிளைகள் ரொக்கத்தைக் கையாளுவதையே விட்டுவிட்டன. இப்போது ரொக்கம் வேண்டும் என்பவர் நெடுந்தூரம் போக வேண்டும். போகிறவர் ஒரேயடியாக நிறைய எடுத்து வருவார். அதாவது b கூடுகிறது, கூடிய b கையிருப்பை உயர்த்துகிறது. மின்னணுப் பணம் ஒரு கையால் ரொக்கத் தேவையைக் குறைத்து, மறு கையால் கொஞ்சம் கூட்டுகிறது.

ஸ்வீடனில் உண்மையில் நடந்தது என்ன

அப்படியானால் 2007-க்கும் 2017-க்கும் இடையில் ஸ்வீடனின் ரொக்கம் ஏறத்தாழப் பாதியானது எப்படி? அங்கே ஸ்விஷ் என்ற கைபேசிப் பணச் சேவை 2012 இறுதியில் வந்தது. உடனே எல்லோரும் கை காட்டுவது அதைத்தான். ஆனால் சரிவு அதற்கு ஐந்தாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

இன்னொரு நாடு பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது இங்கே நல்வாய்ப்பு. கனடாவிலும் அதே ஆண்டுகளில் கடைகளில் ரொக்கம் கொடுப்பது வேகமாகக் குறைந்தது. ஆனால் நாட்டு உற்பத்தியில் ரொக்கத்தின் பங்கு அங்கே விழவில்லை. இரு நாட்டு மத்திய வங்கி ஆய்வாளர்களும் சேர்ந்து 2019-இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். அன்றாடச் செலவுக்கான சிறு நோட்டுகள் இரண்டு நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே போக்கில் போயின. வித்தியாசம் பெரிய நோட்டுகளில்தான் இருந்தது. கனடாவில் அவை பெருகின, ஸ்வீடனில் வற்றின.

பெரிய நோட்டு ஸ்வீடனில் ஏன் வற்றியது? அங்கே பழைய நோட்டு சாகும். பாதுகாப்பு இழை இல்லாத பழைய 1000 குரோனா நோட்டு 2013 இறுதியோடு செல்லாததானது. பிறகு நோட்டு வரிசை முழுவதையும் மாற்றினார்கள். பழைய 20, 50, 1000 நோட்டுகள் 2016 ஜூன் இறுதியோடும், 100, 500 நோட்டுகள் 2017 ஜூன் இறுதியோடும் காலாவதியாயின. பெட்டகத்தில் உறங்கிய நோட்டை எழுப்பி வங்கிக்குக் கொண்டுபோய், எங்கிருந்து வந்தது என்று சொல்லி, மாற்றியாக வேண்டும். மாற்றும் அலைச்சலுக்குப் பயந்தோ, கேள்விக்குப் பயந்தோ, பலர் கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். குரோனா வெளிநாடுகளில் சேமிப்பாக வைக்கப்படும் நாணயமும் அல்ல, எனவே அந்தத் தாங்கலும் இல்லை. 2017-இல் நோட்டு மாற்றம் முடிந்தது, 2018-இல் சரிவு நின்றது. இந்த நாள்களின் பொருத்தத்தைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கைபேசிக்கும் அட்டைக்கும் இதில் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிறு நோட்டுகளைச் சுருக்கியது அவைதான். ஆனால் மதிப்பில் பெரிய பகுதி உறங்கும் பகுதி. அதை எழுப்பிக் கொண்டுவந்தது நோட்டுச் சட்டம்.

அடிப்படைப் பணம்: கணக்கேட்டைத் திறந்து பார்த்தால்

மத்திய வங்கி உண்டாக்கும் பணம் இரண்டு உருவங்களில் இருக்கிறது. ஒன்று மக்கள் கையிலுள்ள ரொக்கம். மற்றொன்று வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்பு. இரண்டும் சேர்ந்ததே அடிப்படைப் பணம். மக்கள் ரொக்கத்தை விட்டுவிட்டால் இதற்கு என்ன ஆகும்? சிறு எண்களை வைத்து ஒரு நாட்டைக் கற்பனை செய்வோம்.

மக்கள் கையில் ரொக்கம் 100. வங்கிகளில் அவர்களுடைய டெபாசிட் 400. டெபாசிட்டில் 5 சதவீதத்தை வங்கிகள் மத்திய வங்கியில் இருப்பாக வைக்க வேண்டும் என்பது விதி, ஆக இருப்பு 20. அடிப்படைப் பணம் 120. இதற்கு ஈடாக மத்திய வங்கியிடம் 120-க்கு அரசுக் கடன் பத்திரங்கள் இருக்கின்றன. மக்களிடமுள்ள மொத்தப் பணம், ரொக்கமும் டெபாசிட்டும் சேர்த்து, 500.

இப்போது மக்கள் 40 ரொக்கத்தை வங்கியில் கட்டிவிட்டு இனிக் கைபேசியிலேயே செலவழிப்பது என்று முடிவு செய்கிறார்கள். வங்கிக் கவுன்ட்டரில் நோட்டுக் குவிகிறது. அத்தனை நோட்டு வங்கிக்கு வேண்டாம். எண்ணி, கட்டி, வண்டியில் ஏற்றி மத்திய வங்கிக்கு அனுப்புகிறது. மத்திய வங்கி நோட்டை வாங்கிக்கொண்டு வங்கியின் கணக்கில் 40-ஐ வரவு வைக்கிறது. ரொக்கம் 60, டெபாசிட் 440, இருப்பு 60. அடிப்படைப் பணம்? 60-உம் 60-உம் 120. அப்படியே இருக்கிறது! நோட்டுத் திரும்புவதால் மட்டும் அடிப்படைப் பணம் ஒரு பைசாவும் குறைவதில்லை. உருவம்தான் மாறுகிறது.

அதற்கடுத்து என்ன என்பதை மத்திய வங்கியின் நடைமுறைதான் தீர்மானிக்கும். 440 டெபாசிட்டுக்கு வங்கிகளுக்குத் தேவையான இருப்பு 22. கையில் 60. உபரி 38. வங்கிகளின் இருப்பை இறுக்கமாக வைத்து வட்டியை நடத்தும் மத்திய வங்கி இந்த உபரியை அப்படியே விட முடியாது. விட்டால் வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓரிரவுக் கடன் கொடுக்க முண்டியடித்து, அந்த வட்டி இலக்குக்குக் கீழே சரியும். எனவே 38-க்குப் பத்திரங்களை விற்று உபரியை உறிஞ்சிக்கொள்ளும். அடிப்படைப் பணம் 82 ஆகிறது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. உபரி இருப்புக்கும் வட்டி கொடுத்து, அதையே வட்டிக்குத் தளமாக வைத்து நடத்தும் மத்திய வங்கி ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம். அங்கே அடிப்படைப் பணம் 120-லேயே நிற்கும்.

இந்த இரண்டு நாடுகளிலும் மக்களின் பணம் 500-தான். பணப்பெருக்கி என்று பாடப்புத்தகம் சொல்லும் விகிதம், அதாவது மக்களின் பணத்தை அடிப்படைப் பணத்தால் வகுத்தது, முதலில் 4.2. பத்திரம் விற்ற நாட்டில் அது 6.1 ஆகிறது, விற்காத நாட்டில் 4.2-லேயே இருக்கிறது. மக்கள் செய்தது ஒன்றுதான். ஆகவே பணப்பெருக்கி உயர்ந்துவிட்டது, கடன் பெருகப்போகிறது என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கவலைப்படுவதில் பொருளில்லை. அது மக்களின் பழக்கத்தோடு மத்திய வங்கியின் தேர்வையும் சேர்த்துக் காட்டும் எண்.

எந்த வழியில் போனாலும் தப்பாத ஒரு நட்டம் இருக்கிறது. நோட்டுக்கு மத்திய வங்கி வட்டி கொடுப்பதில்லை, பத்திரத்துக்கு வாங்குகிறது. வட்டி 4 சதவீதம் என்று வையுங்கள், இருப்புக்கும் அதே வட்டி. தொடக்கத்தில் பத்திர வருமானம் 4.8, இருப்புக்குக் கொடுத்தது 0.8, மிச்சம் 4. பத்திரத்தை விற்காத நாட்டில் வருமானம் 4.8, இருப்புக்குக் கொடுப்பது 2.4, மிச்சம் 2.4. விற்ற நாட்டில் வருமானமும் சிறுத்து, கொடுப்பதும் சிறுத்து, கணக்குப் போட்டால் மிச்சம் அங்கேயும் 2.4-தான். இரண்டிலும் போனது 1.6, அதாவது திரும்பி வந்த 40 நோட்டின் மேல் 4 சதவீதம்.

இது வெறும் தாள் கணக்காக நிற்கவில்லை. ரிக்ஸ்பாங்க் வாங்கிக் குவித்திருந்த பத்திரங்களின் விலை 2022-இல் வட்டி ஏறியபோது விழுந்து, அதன் மூலதனம் கரைந்தது. வழக்கமாக நோட்டு வருமானம் வருடங்களில் அந்தப் பள்ளத்தைத் தூர்த்திருக்கும். நோட்டே குறைவாக இருந்ததால் அந்த வழி குறுகலாக இருந்தது, அரசிடம் மூலதனம் கேட்க வேண்டி வந்தது. பிறகு வங்கிகள் ஒரு தொகையை வட்டியில்லாமல் தன்னிடம் வைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. யோசித்துப் பார்த்தால், மக்கள் தாமாகக் கையில் வைத்திருந்த வட்டியில்லாப் பணத்தின் இடத்தில், வங்கிகள் கட்டாயத்தின்பேரில் வைக்கும் வட்டியில்லாப் பணம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மின்னணுப் பணம் அடிப்படைப் பணத்தை நேராகக் கூட்டவும் கூடும். சீனாவில் அலிபே, வீசாட் பே போன்ற கைபேசிப் பணச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர்கள் தங்களிடம் விட்டிருக்கும் தொகையை முன்பு வணிக வங்கிகளில் போட்டு வட்டி பார்த்தன. 2019 ஜனவரி முதல் அந்தத் தொகை முழுவதையும் மத்திய வங்கியிலேயே வைக்க வேண்டும் என்றாக்கினார்கள். வணிக வங்கியில் டெபாசிட்டாக இருந்தால் அதில் ஒரு சிறு விழுக்காடுதான் மத்திய வங்கிக்குப் போகும். இப்போது முழுவதும் போகிறது. கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் வாடிக்கையாளர் பணம் வணிக வங்கிகளின் அறக்கட்டளைக் கணக்குகளில் இருக்கிறது. கைபேசியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அடிப்படைப் பணத்தில் இரண்டின் விளைவும் வேறு. பயனரின் பணம் கடைசியில் யாருடைய கணக்கேட்டில் உட்காருகிறது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

பணத் தேவை நிலையானதா?

பணத் தேவை "நிலையானது" என்றால் மாறாமல் இருப்பது என்று பொருளல்ல. வருமானம் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று சொன்னால், மக்கள் எவ்வளவு பணம் வைத்திருக்க விரும்புவார்கள் என்று நம்பகமாகச் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. வைத்திருக்கும் அளவு மாறலாம். உறவு மாறக் கூடாது.

பணம் கொடுக்கும் முறை மாறும்போது இந்த உறவு உடைவது புதிதல்ல. ஸ்டீபன் கோல்ட்ஃபெல்ட் என்ற பொருளியலாளர் 1973-இல் அமெரிக்கப் பணத் தேவைக்கு ஒரு சமன்பாட்டைப் பொருத்தினார், நன்றாகப் பொருந்தியது. 1976-இல் அவரே திரும்பிப் பார்த்தபோது, 1974 முதல் மக்களிடம் இருந்த பணம் சமன்பாடு சொன்னதை விடத் தொடர்ந்து குறைவாக இருந்தது. "காணாமல் போன பணம்" என்று அதற்குப் பெயர் வந்தது. நிறுவனங்கள் தங்கள் கணக்கில் பணத்தைத் தேங்கவிடாமல் வட்டி தரும் இடங்களுக்கு நகர்த்தும் உத்திகளைக் கற்றுக்கொண்டது முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பின்னால் பேசப்பட்டது.

அதை எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதில் இன்றைக்கும் பயன்படும் பாடம் உண்டு. எந்தச் சமன்பாட்டிலும் பிழை இருக்கும். ஒரு காலாண்டில் மேலே, அடுத்ததில் கீழே என்று பிழைகள் மாறி மாறி விழுந்தால் கவலையில்லை. ஒரு தேதியிலிருந்து எல்லாப் பிழையும் ஒரே பக்கமாக விழுந்து, விலகலும் கூடிக்கொண்டே போனால், உறவு மாறிவிட்டது என்று பொருள். அப்போது பழைய தரவை இன்னும் நீளமாகச் சேர்ப்பது உதவாது. எந்த வகைப் பணம், யாரிடமிருந்து நகர்ந்தது என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ரொக்கத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் ரொக்கத் தேவையை விற்பனையோடு கட்டி வைத்திருந்தது புழங்கும் பகுதி. கடைகளில் செலவு கூடினால் ரொக்கம் கூடும், குறைந்தால் குறையும். கைபேசி அந்தக் கயிற்றை மெலிய வைக்கிறது. மிஞ்சுவது உறங்கும் ரொக்கம், அதை ஆட்டுபவை வேறு இரண்டு: வட்டியும் பயமும்.

வட்டிக்கு யூரோ நல்ல உதாரணம். 2014 முதல் ஐரோப்பிய மத்திய வங்கி தன்னிடம் வைக்கும் பணத்துக்கு வட்டிக்குப் பதில் கட்டணம் வாங்கியது. அந்த ஆண்டுகளில் வீட்டில் நோட்டு வைத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. வங்கிகளே கூடக் கட்டணத்தைத் தவிர்க்கத் தம் பெட்டகங்களில் நோட்டை அடுக்கின. 2022 ஜூலையில் வட்டி மறுபடி பூஜ்யத்துக்கு வந்து, பிறகு வேகமாக ஏறியது. அதுவரை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே வந்த யூரோ நோட்டுகளின் மதிப்பு, 1.6 லட்சம் கோடி யூரோவை ஒட்டி நின்றுவிட்டது. அந்த மாதத்தில் பணம் கொடுக்கும் தொழில்நுட்பத்தில் திடீரென எதுவும் மாறிவிடவில்லை. மாறியது வட்டி.

பயத்துக்கு 2020. கொள்ளைநோய்க் காலத்தில் கடைகள் மூடிக் கிடந்தன, திறந்த கடைகளும் நோட்டைத் தொடத் தயங்கின. கடையில் ரொக்கம் கொடுப்பது சட்டென்று குறைந்தது. அதே மாதங்களில் அமெரிக்காவில் வெளியே இருந்த ரொக்கம் 1.8 லட்சம் கோடி டாலரிலிருந்து ஏறத் தொடங்கி, ஓராண்டுக்குள் 2 லட்சம் கோடியைத் தாண்டியது. விற்பனையோடு கட்டிய பழைய சமன்பாடு சரிவைச் சொல்லியிருக்கும். நடந்தது ஏற்றம்.

டெபாசிட் பக்கம் இந்தப் பயம் இன்னும் வேகமாக ஓடும். 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். வங்கி வாசலில் வரிசையில் நின்றெல்லாம் இந்தத் தொகையை ஒரு நாளில் எடுக்க முடியாது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி நோட்டாக மாறவில்லை, வேறு வங்கிகளுக்கும் நிதிகளுக்கும் போனது. நாட்டின் மொத்த டெபாசிட்டில் அது பெரிதாகத் தெரியாது. அந்த ஒரு வங்கியின் இருப்புத் தேவையில் மட்டும் தெரியும். மொத்தப் பணத் தேவை அமைதியாக இருக்கும்போதே அதன் உள்ளே ஒரு வங்கி மணிக்கணக்கில் காலியாகலாம் என்பது மின்னணுப் பணம் கொண்டுவந்த மாற்றம். இதைத் தாங்க வங்கிகள் முன்பை விடக் கூடுதலான இருப்பை வைத்திருக்க விரும்பும். ரொக்கம் குறைவதால் மிச்சமாகும் அடிப்படைப் பணத்தில் ஒரு பங்கை இந்த முன்னெச்சரிக்கையே விழுங்கிவிடும் என்பது என் கணிப்பு.

பெரும்பாலான மத்திய வங்கிகள் இன்று பணத்தின் அளவை இலக்காக வைப்பதில்லை, வட்டியை வைக்கின்றன. மக்கள் எவ்வளவு ரொக்கம் கேட்கிறார்களோ அவ்வளவையும் கொடுத்துவிடுகின்றன. எனவே ரொக்கத் தேவை தாறுமாறாக ஆடினாலும் அது நேராக விலைவாசியில் போய் முட்டாது. அந்த ஆட்டத்தின் பாரம் விழுவது, தினமும் காலையில் "இன்று எவ்வளவு ரொக்கம் வெளியே போகும், எவ்வளவு உள்ளே வரும்" என்று கணித்து, அதற்கேற்ப வங்கிகளுக்கு இருப்பைக் கொடுத்தோ உறிஞ்சியோ வட்டியை இலக்கில் நிறுத்தும் பிரிவின் மேல்.

சம்பள நாள், பண்டிகை, வார இறுதி என்று புழங்கும் ரொக்கத்தின் அலைகள் அவர்களுக்கு மனப்பாடம். வருடா வருடம் வரும் அலை என்பதால் முன்கூட்டியே தயாராகலாம். கைபேசி இந்த அலைகளைத்தான் தணிக்கிறது. வட்டி மாற்றத்திலும் பயத்திலும் எழும் அலை நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை. ஆக, சாதாரண நாள்களில் கணிப்பு முன்பை விடச் சுலபமாகவும், அபூர்வமான சில நாள்களில் முன்பை விடப் பெரிதாகத் தவறுவதாகவும் மாறுகிறது. அந்த நாள் வந்துவிட்டதா என்பதை மொத்த ரொக்க எண் தாமதமாகவே சொல்லும். கேட்பு சிறு நோட்டிலிருந்து பெரிய நோட்டுக்குச் சாய்கிறதா, வெளியே போன பெரிய நோட்டுகள் வழக்கமான நாள்களில் திரும்பாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பவர்களுக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.